கெண்டைக்காலிலிருந்து கெண்டைக்காலுக்கு: ஒரு சிவப்பணுவின் சுற்றுப்பயணம்

முதல் நாள்: புறப்பாடு

நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் வலது கெண்டைக்கால் தசையில், ஒரு தந்துகி நுண்சிரையோடு சேரும் இடத்தில் இந்தப் பயணம் தொடங்குகிறது. பாடநூல்கள் பெரும்பாலும் வலது ஆரிக்கிளில் தொடங்கும். அப்படிப் படிப்பவர்கள் இதயத்தின் நான்கு அறைகளையும் சரியாகச் சொல்லிவிட்டு, ஆக்சிஜன் எந்த இடத்தில் ஏறுகிறது, எந்த இடத்தில் இறங்குகிறது என்று கேட்டால் தயங்கி நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இரத்தம் எதற்காக ஓடுகிறதோ அந்த வேலை நடக்கும் இடம் திசு. ஆகவே திசுவிலிருந்தே புறப்படுவோம்.

பயணி ஒரு சிவப்பணு. விட்டம் ஏறத்தாழ 7.5 மைக்ரான், ஓரம் தடித்து, நடுவில் இருபுறமும் குழிந்த தட்டு வடிவம். உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. உள்ளே சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஆக்சிஜன் அமர்வதற்கு நான்கு இடங்கள் இருப்பதால், இந்த ஒரே அணுவில் 100 கோடிக்கும் மேற்பட்ட ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஏற முடியும். மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் தான் சுமக்கும் ஆக்சிஜனை அது சிறிதும் செலவழிப்பதில்லை. தனக்கு வேண்டிய ஆற்றலைக் குளுக்கோஸை ஆக்சிஜனின்றிச் சிதைத்தே பெற்றுக்கொள்கிறது.

ஓய்வில் இருப்பவரின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது; உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே ஒரு சுற்றுக்குச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகிறது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நாள்தோறும் ஒரு கட்டமாகப் பிரித்து எழுதப் போகிறேன். தங்கும் ஒவ்வோர் ஊரிலும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்வோம்: ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம். இரண்டும் மில்லிமீட்டர் பாதரச அளவில். இந்த இரு எண்களையும் கையில் வைத்திருந்தால் வாயு எந்தத் திசையில் நகரும் என்பதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு அது நகர்ந்தே தீரும்.

புறப்படும்போது எண்கள் இவை: ஆக்சிஜன் 40, கார்பன் டை ஆக்சைடு 46. இவை உடல் முழுவதற்குமான சராசரிகள். ஆக்சிஜன் அழுத்தம் 40 ஆக இருக்கும்போது ஹீமோகுளோபினின் இடங்களில் 75 சதவீதம் இன்னும் நிரம்பியே இருக்கின்றன. ஆக்சிஜன் நீங்கிய இரத்தம் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் இரத்தத்தில் நான்கில் மூன்று பங்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்பதை இப்போதே பதிய வைத்துக்கொள்ளுங்கள். இந்த மிச்சம் ஏன் என்பது பயணத்தின் பிற்பகுதியில் தெரியவரும்.

நுண்சிரையிலிருந்து கெண்டைக்காலின் ஆழ்சிரைகளுக்கும், அங்கிருந்து முழங்காலின் பின்புறச் சிரைக்கும், தொடைச் சிரைக்கும், இடுப்புக்குள் வெளி இலியச் சிரைக்கும், பொது இலியச் சிரைக்கும் நம் அணு ஏறிச் செல்கிறது. வலது, இடது பொது இலியச் சிரைகள் இரண்டும் சேரும் இடத்தில் கீழ்ப்பெருஞ்சிரை தொடங்குகிறது. இந்த ஏற்றத்தில் இதயத்தின் அழுத்தம் மிகச் சிறிதே எஞ்சியிருக்கிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் ஆழ்சிரை நெருக்கப்பட்டு இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்பிக் கீழே விழாமல் தடுக்கின்றன. வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் இந்த வால்வுகளின் திசையைக் காட்டியே இரத்தம் சுற்றி ஓடுகிறது என்று வாதிட்டார். கையைக் கட்டிச் சிரைகளைப் புடைக்கச் செய்து, ஒரு விரலால் அழுத்தி மறு விரலால் இரத்தத்தை ஒதுக்கினால், அது இதயத்தை நோக்கி மட்டுமே போகும். எதிர்த்திசையில் தள்ளினால் வால்வில் நின்றுவிடும்.

இந்த முழு வழியிலும் நம் இரண்டு எண்களும் மாறவே இல்லை. சிரையின் சுவர் வாயு ஊடுருவ முடியாத அளவுக்குத் தடிமனானது. பரிமாற்றம் நடப்பது தந்துகியில் மட்டுமே. மற்ற எல்லா நாளங்களும் போக்குவரத்துக்குரிய வழிகள்.

இரண்டாம் நாள்: வலது இதயம்

கீழ்ப்பெருஞ்சிரை உதரவிதானத்தைக் கடந்து வலது ஆரிக்கிளில் திறக்கிறது. இங்கே மூன்று ஆறுகள் கலக்கின்றன. கீழிருந்து நம்முடைய கீழ்ப்பெருஞ்சிரை. தலை, கைகளிலிருந்து வரும் மேற்பெருஞ்சிரை. இதயத் தசையின் சொந்தக் கழிவு இரத்தத்தைக் கொண்டுவரும் கரோனரி சைனஸ். மூன்றின் ஆக்சிஜன் அளவும் ஒன்றல்ல. சிறுநீரகங்கள் தமக்கு வரும் ஏராளமான இரத்தத்திலிருந்து சிறிதளவு ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வதால் கீழ்ப்பெருஞ்சிரை சற்றுச் செழிப்பாக இருக்கும். இதயத் தசையோ தனக்கு வந்ததில் பெரும்பகுதியை எடுத்துவிடுவதால், கரோனரி சைனஸின் இரத்தத்தில் 30 சதவீத அளவுக்கே இடங்கள் நிரம்பியிருக்கும். இவை வலது வெண்ட்ரிக்கிளில் நன்றாகக் கலந்த பிறகுதான் 75 என்ற சராசரி கிடைக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கலந்த சிரை இரத்தத்தின் மாதிரி வேண்டுமென்றால் மெல்லிய குழாயை நுரையீரல் தமனி வரை செலுத்தி எடுப்பது இதனால்தான்.

வலது ஆரிக்கிளிலிருந்து மூவிதழ் வால்வு வழியாக வலது வெண்ட்ரிக்கிளுக்கு நம் அணு இறங்குகிறது. வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது மூவிதழ் வால்வு மூடிக்கொள்ள, அரைச்சந்திர வடிவ இதழ்கள் கொண்ட நுரையீரல் வால்வு திறக்கிறது. அணு நுரையீரல் தமனித் தண்டுக்குள் பாய்கிறது. இந்தத் தள்ளலின் அழுத்தம் உச்சத்தில் 25 மட்டுமே. இடப்பக்கத்தில் நாம் பார்க்கப் போகும் 120-இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நுரையீரல் அருகிலேயே இருக்கிறது, அதன் நாளங்களும் அகன்றவை, எதிர்ப்புக் குறைவு. வலது வெண்ட்ரிக்கிளின் சுவர் மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் இதுவே. இந்த மெல்லிய சுவரைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். தேர்வுகளில் மிக அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். இதயத்திலிருந்து விலகிச் செல்வது தமனி, இதயத்தை நோக்கி வருவது சிரை. உள்ளே ஓடும் இரத்தத்தின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. எண்கள் இன்னும் 40, 46.

மூன்றாம் நாள்: நுரையீரல் தந்துகி

தமனித் தண்டு வலம், இடமாகப் பிரிந்து, மேலும் மேலும் கிளைத்து, கடைசியில் காற்று நுண்ணறைகளைச் சுற்றிப் படர்ந்த தந்துகி வலைக்குள் நம் அணுவைக் கொண்டு சேர்க்கிறது. மனிதன் இந்த இணைப்பைக் கண்ணால் காண நெடுங்காலம் ஆயிற்று. 13-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நஃபீஸ், இரத்தம் வலது இதயத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடது இதயத்தை அடைகிறது என்று எழுதினார். ஹார்வியும் தமனிக்கும் சிரைக்கும் இடையே ஏதோ வழி இருந்தாக வேண்டும் என்று ஊகித்தாரே தவிர அதைப் பார்க்கவில்லை. 1661-இல் மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் தந்துகிகள் தெரிந்தன.

தந்துகியின் உள்விட்டம் பல இடங்களில் நம் அணுவைவிடச் சிறியது. அணு தன்னை மடித்து, ஒற்றையடிப் பாதையில் ஒருவர்பின் ஒருவராக நடப்பது போல வரிசையில் நுழைகிறது. உட்கரு இல்லாததால் இந்த வளைதல் எளிது. இவ்வாறு நெருக்கப்பட்டுச் செல்வதால் அணுவின் மேற்பரப்பு தந்துகிச் சுவரை ஒட்டியே நகர்கிறது. அணுவுக்கும் நுண்ணறையின் காற்றுக்கும் இடையில் இருப்பவை நுண்ணறையின் ஒற்றை அடுக்கு செல், அடித்தளச் சவ்வு, தந்துகியின் ஒற்றை அடுக்கு செல், சிறிது பிளாஸ்மா ஆகியவை மட்டுமே. சவ்வின் தடிமன் அரை மைக்ரான் அளவு. இரு நுரையீரல்களிலும் சேர்த்து அதன் பரப்போ ஏறத்தாழ 70 சதுர மீட்டர்.

நுண்ணறைக் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் 100 அளவில் இருக்கிறது. அணுவைச் சூழ்ந்த பிளாஸ்மாவில் 40. இந்த 60-இன் வேறுபாடு ஆக்சிஜனை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முதலில் பிளாஸ்மாவில் கரைகிறது. பிறகு அணுவின் சவ்வைக் கடந்து ஹீமோகுளோபினைச் சேர்கிறது. ஹீமோகுளோபினின் ஓர் இடத்தில் ஆக்சிஜன் அமர்ந்தால் அந்த மூலக்கூறின் வடிவமே சற்று மாறி, எஞ்சிய இடங்கள் இன்னும் எளிதாக நிரம்புகின்றன.

கார்பன் டை ஆக்சைடைப் பொறுத்தவரை இரத்தத்தில் 46, நுண்ணறையில் 40. வேறுபாடு வெறும் 6. ஆக்சிஜனுக்கு 60 தேவைப்பட்ட இடத்தில் இதற்கு 6 எப்படிப் போதும் என்று கேட்பது சரியான கேள்வி. கார்பன் டை ஆக்சைடு நீரில் மிக நன்றாகக் கரைவதால் ஆக்சிஜனைப் போல ஏறத்தாழ 20 மடங்கு எளிதாகச் சவ்வைக் கடக்கிறது. ஆகையால் நுரையீரலின் சவ்வு கெட்டுப்போகும் நோய்களில் முதலில் குறைவது ஆக்சிஜன்தான்.

வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு எங்கே இருந்தது? அதில் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 சதவீதம், பைகார்பனேட் அயனியாகப் பிளாஸ்மாவில் இருந்தது. இப்போது பைகார்பனேட் அணுவுக்குள் நுழைகிறது; அதற்கு ஈடாகக் குளோரைடு வெளியே போகிறது. ஆக்சிஜன் ஏறியதும் ஹீமோகுளோபின் தான் பிடித்து வைத்திருந்த ஹைட்ரஜன் அயனிகளை விட்டுவிடுகிறது. பைகார்பனேட்டும் ஹைட்ரஜன் அயனியும் சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆக, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதை நொடியின் சிறு பகுதியில் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரித்துவிடுகிறது. ஆக்சிஜன் ஏறுவதே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதைத் தூண்டுகிறது; இதற்கு ஹால்டேன் விளைவு என்று பெயர்.

இத்தனையும் நடக்கக் கிடைக்கும் நேரம் ஓய்வு நிலையில் 0.75 நொடி. ஆனால் முதல் 0.25 நொடியிலேயே அணு நிரம்பிவிடுகிறது. மிச்சமுள்ள அரை நொடி அது நிறைந்த நிலையில் வெறுமனே கடந்து செல்கிறது. இந்த அரை நொடி உடலின் சேமிப்பு.

தந்துகியை விட்டு வெளியேறும்போது நம் குறிப்பேட்டில் 100, 40 என்ற புதிய எண்கள். அடர்சிவப்பாக வந்த இரத்தம் ஒளிர்சிவப்பாகப் போகிறது. எந்தக் கட்டத்திலும் இரத்தம் நீல நிறத்தில் இருப்பதில்லை. பாட நூல் படங்களில் வலப்பக்கத்தை நீலத்தில் வரைவது அடையாளத்துக்காக மட்டுமே.

நான்காம் நாள்: இடது இதயமும் பெருந்தமனியும்

ஒவ்வொரு நுரையீரலிலிருந்தும் இரண்டாக நான்கு நுரையீரல் சிரைகள் இடது ஆரிக்கிளில் திறக்கின்றன. ஆக்சிஜன் நிறைந்த சிரைகள் இவை. வழியில் ஒரு சிறிய கலப்பு நடக்கிறது: மூச்சுக்குழல் கிளைகளுக்கு உணவூட்டிய இரத்தத்தின் ஒரு பகுதி, நுண்ணறையை அணுகாமலே, இந்தச் சிரைகளுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. அதனால் 100 என்றிருந்த ஆக்சிஜன் அழுத்தம் 95-ஐ ஒட்டி இறங்குகிறது; ஹீமோகுளோபின் 97 அல்லது 98 சதவீதம் நிரம்பியிருக்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆரோக்கியமான ஆளுக்கும் பெரும்பாலும் 100 காட்டாததற்கு இது ஒரு காரணம்.

இடது ஆரிக்கிளிலிருந்து ஈரிதழ் வால்வு வழியாக இடது வெண்ட்ரிக்கிள். அங்கிருந்து பெருந்தமனி வால்வு வழியாகப் பெருந்தமனி. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமனானது. உச்ச அழுத்தம் 120. வெளியேறும் இரத்தத்தின் அளவு மட்டும் இரு பக்கமும் ஒன்றே. வலது வெண்ட்ரிக்கிள் நிமிடத்திற்கு 5 லிட்டர் தள்ளினால் இடதும் 5 லிட்டர்தான் தள்ளியாக வேண்டும். இல்லையெனில் சில நிமிடங்களில் எல்லா இரத்தமும் ஒரு பக்கம் தேங்கிவிடும். இடது பக்கம் சற்றே பின்தங்கினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்குவதும், வலது பக்கம் பின்தங்கினால் கால் வீங்குவதும் இந்தக் கணக்கின் விளைவுகளே.

பெருந்தமனியின் தொடக்கத்திலேயே கரோனரி தமனிகள் பிரிகின்றன. அந்த வழியில் திரும்பியிருந்தால் நம் அணு மிகக் குறுகிய நேரத்தில் வலது ஆரிக்கிளுக்கு வந்திருக்கும். அடுத்து வளைவிலிருந்து தலைக்கும் கைகளுக்கும் மூன்று பெருங்கிளைகள். நம் அணு வளைவைத் தாண்டி, மார்பு வழியாகவும் வயிறு வழியாகவும் இறங்குகிறது. குடல், சிறுநீரகக் கிளைகளையும் கடந்து, தொப்புளை ஒட்டிய மட்டத்தில் பெருந்தமனி இரண்டாகப் பிரியும்போது வலப்பக்கம் திரும்புகிறது. பொது இலியத் தமனி, வெளி இலியத் தமனி, தொடைத் தமனி, முழங்காலின் பின்புறத் தமனி, பின் கால்முள் தமனி என்று போகிறது. வந்த வழியின் சிரைப் பெயர்களே ஏறத்தாழ மறுதலையாக வருகின்றன. ஒன்றைப் படித்தால் மற்றது தானாக வரும்.

இங்கும் எண்கள் மாறவில்லை. பெருந்தமனியின் தொடக்கத்தில் 95 என்றால் கணுக்காலருகே உள்ள தமனியிலும் 95. மருத்துவமனையில் தமனி இரத்த வாயுப் பரிசோதனைக்கு மணிக்கட்டில் ஊசி குத்தினால் போதும், நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்துவிடும். சிரை இரத்தத்தை அப்படி எந்த இடத்திலும் எடுக்க முடியாது. ஒவ்வொரு சிரையும் தான் வடித்த திசுவின் கதையை மட்டுமே சொல்லும்.

ஐந்தாம் நாள்: மீண்டும் கெண்டைக்கால் தந்துகி

நுண்தமனிகளில் அழுத்தம் செங்குத்தாக இறங்குகிறது. அவற்றின் தசைச்சுவர் சுருங்கினால் அந்தத் திசுவுக்கு இரத்தம் குறையும், தளர்ந்தால் கூடும். ஆகவே எந்த உறுப்புக்கு எவ்வளவு என்பதைப் பங்கிடுவது இந்த நுண்தமனிகள்தான். அவற்றைக் கடந்து தந்துகிக்குள் நுழைந்ததும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடுகிறது. தந்துகிகளின் எண்ணிக்கை மிகுதியால் மொத்தக் குறுக்குப் பரப்பு விரிந்துவிடுவதே இதற்குக் காரணம்.

தசையின் ஆக்சிஜன் அழுத்தம் 40. நம் அணு கொண்டுவந்தது 95. பிளாஸ்மாவில் கரைந்திருந்த சிறிதளவு ஆக்சிஜன் முதலில் வெளியேறுகிறது. பிளாஸ்மாவின் அழுத்தம் இறங்கியதும் ஹீமோகுளோபின் தன் ஆக்சிஜனை விடத் தொடங்குகிறது. தசையிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அணுவுக்குள் புகுந்து, அதே நொதியின் உதவியால், நுரையீரலில் பார்த்த வினையை எதிர்த்திசையில் நடத்துகிறது:

CO₂ + H₂O ⇌ H₂CO₃ ⇌ H⁺ + HCO₃⁻

பைகார்பனேட் அணுவை விட்டுப் பிளாஸ்மாவுக்குப் போகிறது, குளோரைடு உள்ளே வருகிறது. இதைக் குளோரைடு இடப்பெயர்ச்சி என்பர். அயனிகளோடு சிறிது நீரும் உள்ளே வருவதால் சிரை இரத்தத்தின் சிவப்பணு தமனி இரத்தத்தினுடையதைவிடச் சற்றே பருத்திருக்கும். தங்கிவிடும் ஹைட்ரஜன் அயனியை ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்கிறது; பிடித்தவுடன் அதன் ஆக்சிஜன் பிடிப்பு தளர்கிறது. 1904-இல் கிறிஸ்டியன் போரும் அவருடைய சக ஆய்வாளர்களும் விவரித்த இந்தப் போர் விளைவும் நுரையீரலில் கண்ட ஹால்டேன் விளைவும் ஒரே உறவை இரு முனைகளிலிருந்து பார்ப்பவை. கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் ஆக்சிஜனை வெளியேற்றினால் போர். ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றினால் ஹால்டேன். முன்னது திசுவில், பின்னது நுரையீரலில் என்று இடத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 100 மி.லி. தமனி இரத்தம் ஏறத்தாழ 20 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கிறது, சிரை இரத்தம் 15 மி.லி. ஆகவே விட்டுச்சென்றது 5 மி.லி. நிமிடத்திற்கு 5 லிட்டர் இரத்தம் ஓடுவதால் உடலுக்கு நிமிடத்திற்கு 250 மி.லி. ஆக்சிஜன் கிடைக்கிறது. கார்பன் டை ஆக்சைடின் கணக்கு இன்னும் வியப்பானது. சிரை இரத்தத்தில் 100 மி.லி.க்கு 52 மி.லி.; நுரையீரலைக் கடந்து வந்த பின்னரும் தமனி இரத்தத்தில் 48 மி.லி. சுத்த இரத்தம், அசுத்த இரத்தம் என்று சிறு வயதில் கற்றதை இந்த எண்களுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். நுரையீரலிலிருந்து புதிதாக வரும் இரத்தத்தில் ஆக்சிஜனைவிடக் கார்பன் டை ஆக்சைடே இரு மடங்குக்கும் மேல் இருக்கிறது. இரத்தத்தின் அமிலத்தன்மையை நிலையாக வைத்திருப்பதற்கு இந்தப் பைகார்பனேட் இருப்பு வேண்டும். ஆகையால் உடல் அதில் சிறு பகுதியை மட்டுமே ஒவ்வொரு சுற்றிலும் வெளியேற்றுகிறது.

எண்கள் மறுபடியும் 40, 46. அணு புறப்பட்ட நுண்சிரைக்கே வந்துவிட்டது. அது உயிரோடிருக்கும் ஏறத்தாழ 120 நாள்களில் இதைப் போன்ற சுற்றுகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் நடக்கும்.

ஆறாம் நாள்: அதே வழி, படியேறும் கால்

நாற்காலியில் இருந்தவர் எழுந்து நான்கு மாடிப் படிகளை வேகமாக ஏறுகிறார். வழியில் ஓர் ஊரும் மாறவில்லை, எண்கள் மாறுகின்றன. வேலை செய்யும் தசையில் ஆக்சிஜன் அழுத்தம் 20-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

ஹீமோகுளோபினின் வளைகோட்டில் நான்கு புள்ளிகளை மட்டும் நினைவில் கொண்டால் போதும். அழுத்தம் 95-இல் நிறைவு 97 சதவீதம், 60-இல் 90, 40-இல் 75, 20-இல் 35. மேல் பகுதியில் அழுத்தம் 95-இலிருந்து 60 வரை விழுந்தும் நிறைவு 7 புள்ளிகளே குறைந்தது. கீழ்ப் பகுதியில் 40-இலிருந்து 20-க்கு விழுந்ததும் 40 புள்ளிகள் போய்விட்டன. ஓய்வில் 22 புள்ளிகளை இறக்கிய நம் அணு இப்போது 62 புள்ளிகளை இறக்குகிறது. ஏறத்தாழ மூன்று மடங்கு. தசையின் சூடும் அமிலமும் கூடுவதால் போர் விளைவு இதை இன்னும் சற்று உயர்த்தும். இரத்த ஓட்டமும் பல மடங்காகியிருக்கிறது. முதல் நாளில் மிச்சமாக இருந்த 75 சதவீதம் எதற்கு என்பது இப்போது தெரிகிறது.

மறுமுனையில், நுரையீரல் தந்துகியில் அணுவுக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. கடும் உழைப்பில் அது 0.25 நொடியை நெருங்கலாம். ஆரோக்கியமான சவ்வுக்கு அதுவே போதும். ஆனால் நுரையீரலில் நார்த்திசு படிந்து சவ்வு தடித்துவிட்டவருக்கு அணு நிரம்ப அரை நொடி தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது 0.75 நொடி இருப்பதால் அவருடைய ஆக்சிமீட்டர் 96 காட்டும். நடக்கத் தொடங்கியதும் நேரம் போதாமல் 88-க்கு இறங்கும். அத்தகையவரை ஆறு நிமிடம் நடக்கவைத்து, நடையின்போது ஆக்சிஜன் நிறைவை அளக்கிறார்கள். உட்கார்ந்த நிலையில் எடுத்த அளவு சரியாக இருக்கிறது என்று அவரை அனுப்பிவிடக் கூடாது.

ஏழாம் நாள்: வழியில் ஓர் இரத்தக் கட்டி

வழி உண்மையாகவே மனத்தில் பதிந்திருக்கிறதா என்பதைச் சோதிக்க ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சைக்குப் பின் பல நாள் படுக்கையில் கால் அசையாமல் கிடந்த ஒருவரின் கெண்டைக்கால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி. தசை சுருங்காததால் நாம் முதல் நாளில் பார்த்த மேல்தள்ளல் நின்றுபோய் இரத்தம் தேங்கியது ஒரு காரணம். அறுவை சிகிச்சைக்குப் பின் இரத்தம் எளிதில் உறையும் தன்மையைப் பெறுவது மற்றொன்று. ஒரு நாள் காலை எழுந்து நடக்கையில் கட்டியின் ஒரு துண்டு பிய்ந்துகொள்கிறது. அது எங்கே போய் அடைக்கும்?

வழியைச் சொல்லிப் பார்த்தாலே விடை வந்துவிடும். தொடைச் சிரை, இலியச் சிரைகள், கீழ்ப்பெருஞ்சிரை: ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகன்றது, ஆகவே அடைப்பு இல்லை. வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் வால்வு: எல்லாம் விசாலமானவை. புறப்பட்டதிலிருந்து வழி முதன்முதலாகக் குறுகத் தொடங்குவது நுரையீரல் தமனியின் கிளைகளில். கட்டி அங்கேதான் சிக்கும். நம் அணு தன்னை மடித்துக்கொண்டு நுழைந்த தந்துகியில் கட்டி நுழைய முடியாது.

சிக்கியதும் அந்தக் கிளைக்கு அப்பால் உள்ள நுண்ணறைகளுக்குக் காற்று வருகிறது, இரத்தம் வருவதில்லை. அங்கே போக வேண்டிய அணுக்கள் அனைத்தும் மீதமுள்ள நுரையீரல் பகுதிக்குத் திருப்பி விடப்படுகின்றன. அங்குள்ள காற்று அத்தனை பேருக்கும் போதாததால் சில அணுக்கள் நிரம்பாமலே இடது ஆரிக்கிளை அடைகின்றன. ஆக்சிமீட்டரின் எண் இறங்குகிறது. திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் மார்பு வலி, வேகமான நாடி ஆகியவை தென்படும். கட்டி பெரிதானால் இன்னொரு ஆபத்து முந்திக்கொள்கிறது: 25 அழுத்தத்துக்குப் பழகிய மெல்லிய சுவருள்ள வலது வெண்ட்ரிக்கிள் அடைப்பை எதிர்த்துத் தள்ள முடியாமல் விரிந்து தளர்கிறது, நுரையீரலைக் கடந்து இடப்பக்கத்துக்கு வரும் இரத்தம் குறைந்து, இரத்த அழுத்தம் விழுகிறது. பெரிய கட்டியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த வலது இதயச் செயலிழப்பே. நுரையீரல் தமனிகளில் சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. படத்தில் கட்டி, ஒளிரும் தமனிக்குள் நிரம்பாத கறுப்புத் துண்டாகத் தெரியும்.

அந்தக் கட்டி மூளைக்குப் போகாதா என்று கேட்கலாம். போவதற்கு அது நுரையீரல் தந்துகிகளைக் கடந்தாக வேண்டும், கடக்காது. முக்கியமான ஒரு விதிவிலக்கு உண்டு. கருவில் இருக்கும்போது இரண்டு ஆரிக்கிள்களுக்கும் இடையே திறந்திருந்த வழி, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பிறந்த பின்னரும் முழுமையாக ஒட்டிக்கொள்வதில்லை. சாதாரண வேளைகளில் இடப்பக்க அழுத்தம் கூடுதலாக இருப்பதால் அது கதவைப் போல மூடியே கிடக்கும். நுரையீரல் அடைப்பினால் வலப்பக்க அழுத்தம் ஏறினால் கதவு திறந்து, காலில் பிறந்த கட்டி இடது ஆரிக்கிளுக்குத் தாவி, பெருந்தமனி வளைவின் முதல் கிளைகள் வழியாக மூளையை அடையலாம். கால் வீக்கத்தோடு வந்தவருக்குப் பக்கவாதமும் சேர்ந்தால் மருத்துவர் இதயத்தை எக்கோவில் பார்ப்பது இதற்காக.

இடது ஆரிக்கிளிலேயே உருவாகும் கட்டிக்கு இந்தத் தடையெதுவும் இல்லை. இதயத் துடிப்பு ஒழுங்கிழந்து ஆரிக்கிள் சரியாகச் சுருங்காதவர்களுக்கு அங்கே இரத்தம் தேங்கி உறையக்கூடும், அந்தக் கட்டி ஈரிதழ் வால்வைத் தாண்டினால் நேரே மூளைக்கோ, சிறுநீரகத்துக்கோ, காலுக்கோ போகும், நுரையீரலுக்குப் போகாது. குடலின் சிரையில் பிய்ந்துகொள்ளும் கட்டி எங்கே போய் நிற்கும் என்பதை நீங்களே வழிபிடித்துப் பாருங்கள். ஒரு குறிப்பு: குடலிலிருந்து புறப்படும் சிவப்பணு கீழ்ப்பெருஞ்சிரையை அடைவதற்கு முன், போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலில் இரண்டாவது நுண்நாள வலையைக் கடந்தாக வேண்டும்.